நடு எண்ணை மறைத்தால் மட்டும் போதுமா?

ஆலத்தியூரில் இருந்து ஒருவர், பார்சல் வரவில்லை என்று கஸ்டமர் கேருக்கு போன் செய்கிறார் என வைத்துக்கொள்வோம். ஊழியரின் திரையில் 98••••3210 என்று தெரிந்தாலே வேலை நடக்கும். ‘கடைசி நாலு நம்பர் சொல்லுங்க’ என்று கேட்டு, சரியான கணக்கைத்தான் திறந்திருக்கிறோமா என்று பார்க்கலாம். ஊழியரே அதை வாசித்துக் காட்டக் கூடாது. திருப்பி அழைக்க ஒரு பட்டன் போதும். முழு எண் தேவையில்லை.

கடைசி நான்கு ஏன்? முதல் இலக்கங்கள் தொலைபேசி நிறுவனத்துக்கும் வட்டத்துக்கும் ஒதுக்கப்பட்ட வரிசை. பலருக்கும் ஒன்றாகவே இருக்கும். ஆளைப் பிரித்துக் காட்டுவது பின்பகுதிதான்.

ஓட்டை பெரும்பாலும் லாக் கோப்பில் இருக்கிறது. திரையில் மறைத்த எண்ணை, ‘ஓடிபி போகவில்லை’ என்ற பிழைச் செய்தியோடு சேர்த்து மென்பொருள் முழுசாக எழுதிவிடும். தொடர்ச்சியான பத்து இலக்கங்களை மட்டும் தேடும் வடிகட்டி, நடுவில் இடைவெளி விட்ட எண்ணைக் கோட்டை விடும். சோதனை எண் ஒன்றைப் பதிவுசெய்து, இடைவெளியோடும் இல்லாமலும் லாக்கில் தேடினால் குட்டு வெளிப்படும்.

நான்கு இலக்கம் மறைத்தாலும் மிஞ்சுவது 10,000 வாய்ப்புகள்தான். 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்ட டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்பு விதிகள், மறைப்பதோடு நிற்காமல், தரவை யார் பார்த்தார் என்ற பதிவையும் கேட்கின்றன. நிறுவனங்கள் இரண்டையும் சேர்த்தே செய்ய வேண்டும்.