கடை நடத்துவது நாம், காகிதம் யார் பெயரில்?

அவனியாபுரம், ஆனையூர், திருப்பரங்குன்றம் ஆகியவை முன்பு தனி நகராட்சிகள். 2011இல் அவை மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தன, வார்டுகள் நூறாயின. அதுவரை ஊராகவும் சிற்றூராகவும் இருந்த பல பகுதிகளில் இன்று கடை திறக்க மாநகராட்சியின் தொழில் உரிமம் வேண்டும். இந்தப் பகுதிகளில் உள்ள காலனிகளிலிருந்து நம் பிள்ளைகள் டீக்கடை, செல்போன் பழுதுபார்க்கும் கடை, தையல் கடை என்று தொடங்குகிறார்கள். கடை அவர்களுடையது. உரிமம் பெரும்பாலும் அவர்களுடையதாக இருப்பதில்லை.

இது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். காலனியைச் சேர்ந்த ஓர் இளைஞர், மெயின் ரோட்டில் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்து டீக்கடை வைக்க நினைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் கொடுத்தாயிற்று. தொழில் உரிமத்துக்கு அடையாள அட்டையோடு வாடகை ஒப்பந்தமும், அந்தக் கட்டடத்துக்குச் சொத்து வரி கட்டிய ரசீதும் வேண்டும். உரிமையாளர், "எழுத்து எல்லாம் எதுக்குப்பா? உரிமம் என் பேர்ல இருக்கட்டும், நீ பாட்டுக்குக் கடையை நடத்து" என்கிறார். உதவி செய்வது போலத்தான் இருக்கும். ஆனால் அன்றிலிருந்து அந்தக் கடையில் இவருக்கு உரிமை இருப்பதாகச் சொல்ல ஒரு காகிதமும் இல்லை.

இழப்பு பிறகுதான் தெரியும். 2023இல் தொடங்கிய அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில், பட்டியல் சாதி, பழங்குடித் தொழில்முனைவோருக்கு 35 சதவீத மூலதன மானியம் உண்டு. கடனைத் தருவது வங்கி. வங்கி கேட்பது கடை இவர் பெயரில் நடப்பதற்கான ஆதாரத்தை. ஐந்து வருடம் அடுப்படியில் நின்றவரிடம் அது இருக்காது. நாளைக்கு உரிமையாளர் கடையைக் காலி செய்யச் சொன்னாலும் இதே கதைதான்.

இன்னொரு குழப்பமும் உண்டு. தொழில் வரி ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, உரிமம் இருக்கிறது என்று நம்புகிறவர்கள் பலர். தொழில் வரி என்பது அரையாண்டுக்கு ஒருமுறை உள்ளாட்சிக்குக் கட்டும் வரி. தொழில் உரிமம் என்பது இந்த இடத்தில் இந்தத் தொழிலைச் செய்யலாம் என்ற அனுமதி. அதில் உரிம எண், நடத்துபவர் பெயர், தொழிலின் பெயர், முகவரி, எந்தத் தேதிவரை செல்லும் என்பது எல்லாம் இருக்கும். விண்ணப்பக் கட்டணம் கட்டிய சீட்டும் உரிமம் ஆகாது. டீக்கடை என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவும் தனியாக வேண்டும். தொழிலாளர் துறையில் கடைப் பதிவு என்பது வேறு. 2024 ஜூலை முதல் அது பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் கட்டாயமானது. நம் டீக்கடைக்காரரை அதைச் சொல்லி யாரும் அலைக்கழிக்க வேண்டியதில்லை.

ஆகவே முட்டுக்கட்டை மாநகராட்சிக் கவுண்டரில் தொடங்குவதில்லை. வாடகை ஒப்பந்தத்தில் தொடங்குகிறது. இங்கே சட்டம் நம் பக்கம் இருக்கிறது. 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டின் வாடகைச் சட்டப்படி, நகர்ப்புறத்தில் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்; வாடகை அதிகாரியிடம் பதிவும் செய்ய வேண்டும். கடைகளுக்கும் இது பொருந்தும். எழுத்து வேண்டாம் என்று உரிமையாளர் சொல்வது சலுகை அல்ல, சட்டத்துக்குப் புறம்பானது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே இதைப் பேசி முடித்துவிட வேண்டும். கொடுத்த பிறகு பேசும் வலு நமக்கு இருக்காது. கட்டடத்துக்குச் சொத்து வரி பாக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். அவருடைய பாக்கி நம்முடைய உரிமத்தை நிறுத்திவிடும்.

பட்டியல் சாதியினர் தொழில் நடத்துவதைத் தடுப்பது, வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 2015ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி குற்றம். ஆனால் சாதியைச் சொல்லி யாரும் வாடகை மறுப்பதில்லை. "வேற ஆளுக்குப் பேசிட்டோம்" என்பார்கள். அதை நீதிமன்றத்தில் நிரூபிப்பது கடினம். அதனால்தான் மாநகராட்சியிடம் நாம் இரண்டைக் கேட்கிறோம்.

ஒன்று, உரிமையாளர் ஒப்பந்தம் எழுத மறுக்கும்போது, வங்கி வழியே வாடகை கொடுத்த கணக்கை வைத்து விண்ணப்பத்தை வாங்க வேண்டும். பிறகு உரிமையாளருக்கு நோட்டீஸ் அனுப்பி, முடிவைக் காரணத்தோடு எழுத்தில் தர வேண்டும். மற்றொன்று, ஆய்வுக்கு வரும் சுகாதார ஆய்வாளர், கல்லாவில் இருப்பவர் யார், உரிமத்தில் உள்ள பெயர் யாருடையது என்று குறித்துக்கொள்ள வேண்டும். இரண்டும் வேறாக இருந்தால், நடத்துபவர் பெயருக்கு உரிமத்தை மாற்றிக்கொள்ளச் சொல்ல வேண்டும். இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. ஆணையரின் ஒரு சுற்றறிக்கை போதும்.

ஆய்வேட்டில் ஒரு கட்டம் கூடும், அவ்வளவுதான். அந்தக் கட்டத்தில் நம் பிள்ளையின் பெயர் வந்துவிட்டால், வங்கி வாசலில் அவர் சொந்தக் கடைக்காரராக நிற்பார்.