ரேகை பொய் சொல்லாது, பார்ப்பவர்?

“கைரேகை பொய் சொல்லாது” என்று இன்னமும் பாடம் நடத்துகிறவர்களோடு எனக்குச் சண்டை உண்டு. ரேகை எங்கேங்க பேசுது? பேசுவது அதைப் பார்க்கிற நிபுணர்.

2004 மார்ச்சில் மாட்ரிட் ரயில்களில் குண்டுகள் வெடித்தன. டெட்டனேட்டர்கள் இருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு மங்கலான ரேகை கிடைத்தது. எஃப்பிஐ கணினி, ஒத்துப்போகக்கூடியவர்கள் என 20 பேரைக் காட்டியது. அவர்களில் ஒருவர் அமெரிக்க வழக்கறிஞர் பிராண்டன் மேஃபீல்ட். மூன்று எஃப்பிஐ நிபுணர்களும் ‘இவர்தான்’ என்றார்கள். ஸ்பெயின் போலீஸ் ஏப்ரலிலேயே மறுத்தது, கேட்கவில்லை. மே மாதம் கைது. இரண்டு வாரத்தில், அது ஓர் அல்ஜீரியரின் ரேகை என்று ஸ்பெயின் சொன்னது.

சில புள்ளிகள் உண்மையிலேயே ஒத்திருந்தன. பிறகு மேஃபீல்டின் தெளிவான ரேகையைப் பார்த்துப் பார்த்து, மங்கலான ரேகையில் இல்லாததையும் ‘கண்டார்கள்’. விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போட்ட கதை. சரிபார்த்தவர்களுக்கும் முதல் நிபுணரின் முடிவு முன்கூட்டியே தெரியும். அதுக்குப் பேரு சரிபார்ப்பா?

2011இல் வெளியான ஆய்வொன்றில் 169 நிபுணர்களைச் சோதித்தார்கள். வெவ்வேறு ஆட்களின் ரேகைகளை, ஏறக்குறைய ஆயிரத்துக்கு ஒரு முறை, ஒரே ஆளுடையது என்றார்கள். சின்னப் பிழைதான், ஆனால் சுழியம் இல்லை.

ஆகவே ‘100 விழுக்காடு’ என்று எந்த நிபுணராவது சொன்னால் நான் கேட்பது ஒன்றுதான்: மங்கலான ரேகையில் தெரிந்ததை முதலில் குறித்து வைத்தீர்களா, இல்லை சந்தேக நபரின் ரேகையைப் பார்த்த பிறகா?