கைக்கிளையும் கதாநாயகனும்

ஓர் ஆண் மாணவன் தன் அபிமான நடிகரின் படம் வெளிவரும் நாளில் விடியற்காலையிலேயே திரையரங்கின் முன்னால் போய் நின்றால் அதற்குப் பெயர் 'இரசிகப் பற்று'. ஒரு மாணவி அதே நடிகரின் படத்தைத் தன் கைத்தொலைபேசியின் முகப்பில் வைத்திருந்தால் அதற்குப் பெயர் 'பைத்தியம்'. நம் விடுதிகளில் இந்த அகராதிதான் நடைமுறையில் இருக்கிறது. திரையில் தோன்றும் ஒருவர் மீதோ, கதையில் மட்டுமே வாழும் ஒருவர் மீதோ காதல் போன்ற ஓர் உணர்வு ஏன் வருகிறது என்று கேட்டால், "வேற வேலை இல்ல" என்ற பதில்தான் கிடைக்கும். அந்தப் பதில் தவறு என்பதே என் கருத்து. அது எப்படி என்பதைச் சொல்லவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு பெண்ணை அறிமுகப்படுத்துகிறேன். அவர் பெயர் நக்கண்ணையார். உறையூர்ப் பெருங்கோழி நாய்கன் என்பவரின் மகள். போரவைக் கோப்பெருநற்கிள்ளி என்ற சோழன் ஆமூர் மல்லனோடு மற்போர் செய்தபோது அதைப் பார்த்து மனத்தைப் பறிகொடுத்தவர். புறநானூற்றில் 83, 84, 85 ஆகிய மூன்று பாடல்கள் அவருடையவை. அவற்றில் ஒன்றில், மற்போர் நடக்கும் ஊர் அவனுடைய ஊர் இல்லை என்பதால், அவனே வெல்வான் என்று ஒரு கூட்டமும், வெல்ல மாட்டான் என்று இன்னொரு கூட்டமும் வாதம் செய்கின்றன. இவரோ காற்சிலம்பு ஒலிக்க ஓடிப் போய், வீட்டருகே இருந்த பனைமரத்தில் சாய்ந்து நின்றுகொண்டு அவன் வெல்வதைக் காண்கிறார். இன்னொரு பாடலில், கூழைக் குடித்தும் அவன் தோள் பெருத்திருக்கிறது, நானோ அவன் இருக்கும் இடத்திற்கு வெளியே இருந்தும் பசலை பூத்துப் பொன்னிறமாகிவிட்டேன் என்கிறார். இவர் ஒருத்தி இருப்பதே அந்தச் சோழனுக்குத் தெரியும் என்று மூன்று பாடல்களில் எங்குமே இல்லை. காற்பந்து அரங்கின் மேல்வரிசையில் அமர்ந்து ஒரே ஓர் ஆட்டக்காரரை மட்டும் பார்த்துக்கொண்டிருக்கும் பெண்ணுக்கும் இவருக்கும் என்ன வேறுபாடு?

நம் முன்னோர் இதைப் பைத்தியம் என்று ஒதுக்கவில்லை. 'கைக்கிளை' என்று பெயரிட்டு, அகத்திணை ஏழில் ஒன்றாக வைத்தார்கள். இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி வேறொன்று. அகத்திணை ஒவ்வொன்றுக்கும் ஒரு புறத்திணையை இணையாகக் காட்டும் தொல்காப்பியர், கைக்கிளைக்கு இணையாகக் காட்டுவது பாடாண் திணையை. தலைவனைப் புகழ்ந்து பாடுவது பாடாண். ஒருதலைக் காதலும் பெரிய மனிதரைப் புகழ்வதும் ஒரே துணியின் இரண்டு பக்கங்கள் என்று அவர் கருதியிருக்க வேண்டும். கட்-அவுட்டுக்குப் பாலபிஷேகம் செய்யும் நம் அண்ணன்மார் இதைக் கொஞ்சம் யோசித்துப் பார்க்கலாம்.

மேலை நாட்டு ஆய்வாளர்கள் இந்த உணர்வுக்குத் தனிப் பெயர் சூட்டியது 1956-இல்தான். டொனால்ட் ஹோர்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர், வானொலியும் தொலைக்காட்சியும் பார்வையாளரிடம் ஒருவகைப் போலி நெருக்கத்தை உண்டாக்குகின்றன என்று எழுதினார்கள். அதை நாம் 'ஒருதலைப் பிணைப்பு' எனலாம். அவர்கள் காட்டிய எடுத்துக்காட்டு, பெயரே சொல்லாத ஒரு பெண் அமெரிக்க வானொலியில் இரவு நேரத்தில் நடத்திய 'தனிமைப் பெண்' என்ற நிகழ்ச்சி. அவர் நேயர்களைப் பன்மையில் அழைப்பதில்லை. கேட்டுக்கொண்டிருக்கும் ஒரே ஓர் ஆணிடம் தனியாகப் பேசுவதுபோல, நடுவில் இடைவெளி விட்டு, கொஞ்சிப் பேசுவார். விளைவு, அவரைத் திருமணம் செய்துகொள்ள விரும்பி ஆயிரக்கணக்கில் கடிதங்கள் வந்து குவிந்தன. எழுதியவர்கள் முட்டாள்கள் அல்லர். நம்மிடம் ஒருவர் அடிக்கடி, குறித்த நேரத்தில், நம்மை மட்டும் நோக்கிப் பேசினால் அவரை நெருங்கியவர் என்று எடுத்துக்கொள்வது மனித மனத்தின் பழக்கம். ஒலிவாங்கியும் திரையும் வருவதற்கு முன்பு, அப்படிப் பேசியவர்கள் அனைவரும் உண்மையிலேயே நெருங்கியவர்கள்தாம். மனம் அந்தப் பழைய கணக்கையே இன்றும் போடுகிறது.

சரி, முகமும் குரலும் உள்ள நடிகர் மேல் வருவது புரிகிறது. தாளில் மட்டுமே இருக்கும் ஒருவன் மேல் எப்படி வரும்? இங்கே என்னையே சாட்சியாக நிறுத்துகிறேன். தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு முடித்துத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன எனக்கு, தமிழ் என்பது வாரத்தில் சில பாடவேளைகளாகச் சுருங்கிப்போயிருந்த காலம் அது. படிவம் நான்கில் பெரியம்மா வீட்டு அலமாரியிலிருந்து 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகங்களையும் எடுத்து வந்தேன். மூன்றாம் பாகம் முடிவதற்குள் வல்லவரையன் வந்தியத்தேவன் எனக்கு வெறும் கதாபாத்திரமாக இல்லை. தேர்வுக்குப் படிக்கும்போதும் இப்போது அவன் என்ன செய்துகொண்டிருப்பான் என்ற எண்ணம் வரும். இன்றும் அதற்காக நான் வெட்கப்படவில்லை.

அவனை நினைத்துப் பாருங்கள். பசிக்கிறது என்பான். வாய்த்துடுக்கால் வம்பில் மாட்டிக்கொள்வான். அரிசிலாற்றங்கரையில் பெண்களைக் காப்பாற்றுவதாக எண்ணி முதலை மீது வேலை எறிந்து, அது பஞ்சடைத்த முதலை என்று தெரிந்ததும் இளவரசியின் முன்னால் அசடு வழிவான். அவனுடைய வெட்கம், பயம், ஆசை எல்லாமே நமக்குத் தெரியும். ஒரு மனிதர் தம் உள்ளத்தில் இருப்பதை நம்மிடம் திறந்து சொல்லும்போதுதான் நெருக்கம் வளர்கிறது. நடப்பு வாழ்க்கையில் அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நாமும் பதிலுக்கு நம்மைத் திறக்க வேண்டும், அவர் சிரித்துவிடுவாரோ என்று அஞ்ச வேண்டும். கதையில் அவன் மட்டும் திறந்துகொண்டே இருக்கிறான். நாம் எதையும் பணயம் வைப்பதில்லை. பதினாறு வயதில், எதிர்வரிசையில் அமர்ந்திருக்கும் பையன் ஒரு வாக்கியத்தைக் கூட முழுதாகப் பேசாத வயதில், இது எவ்வளவு பெரிய ஈர்ப்பு!

கல்கியின் உத்தி இன்னொரு பங்கைச் செய்கிறது. அவர் அடிக்கடி கதையை நிறுத்திவிட்டு வாசகரை நேராக அழைத்துப் பேசுவார். 1950 முதல் 1954 வரை வாரந்தோறும் இது தொடராக வந்தது. அன்றைய வாசகிக்கு வந்தியத்தேவன் வாரம் ஒரு முறை வீட்டிற்கு வந்து போகும் விருந்தாளி. நேராக அழைக்கும் குரல், தவறாத வருகை... இரண்டும் அந்தத் தனிமைப் பெண்ணிடம் இருந்தவைதாம். மேலும், வரலாற்றில் வந்தியத்தேவனைப் பற்றி அதிகம் கிடைக்கவில்லை. தஞ்சைக் கல்வெட்டு அவரைக் குந்தவையாரின் கணவர் என்று குறிக்கிறது. மிச்சத்தைக் கல்கி நிரப்பினார். கல்கி விட்டதை நாம் நிரப்பினோம். முகம் எனக்கு என் விருப்பப்படி, என் தோழிக்கு அவள் விருப்பப்படி.

அதனால்தான் 2022 செப்டம்பரில் மணிரத்னத்தின் படம் வந்தபோது பலருக்கு ஏமாற்றம் ஏற்பட்டது. கார்த்தி நன்றாகவே நடித்திருந்தார். ஆனால் நான்கு ஆண்டுகளாக நான் வைத்திருந்த முகம் வேறு. "இவன் அவனில்லையே" என்று திரையரங்கில் முணுமுணுத்தேன். பக்கத்தில் இருந்த பெரியம்மா, "எனக்கும்தான்டி" என்றார். அவருக்கு வயது ஐம்பத்தாறு!

'இல்லாத ஒருவனிடம் மனம் உண்மையாகவா பழகும், சும்மா கற்பனைதானே?' என்று கேட்கலாம். இதை அளந்து பார்த்திருக்கிறார்கள். யாராவது நம்மைப் பார்த்துக்கொண்டிருந்தால், பழகிய வேலையை இன்னும் நன்றாகச் செய்வோம், புதிய வேலையில் தடுமாறுவோம். நன்கு மனனமான குறளை மேடையில் கணீரென்று சொல்பவன், புதிதாகக் கற்கும் மிருதங்கத்தை ஆள் முன்னால் வாசித்தால் தாளம் தப்புகிறான் அல்லவா, அதுதான். கார்ட்னர், நோல்ஸ் என்ற இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஆள் யாரும் இல்லாமல் தொலைக்காட்சிக் கதாபாத்திரத்தின் படத்தை மட்டும் முன்னால் வைத்தார்கள். மிகவும் பிடித்த கதாபாத்திரத்தின் படம் இருந்தபோது, உண்மை மனிதர் பக்கத்தில் இருந்தால் நிகழும் அதே மாற்றம் நிகழ்ந்தது. அந்த அளவுக்குப் பிடித்ததல்லாத பாத்திரத்தின் படத்திற்கு அது நிகழவில்லை. அவன் உண்மையில்லை என்பது நமக்கு நன்றாகத் தெரியும். ஆனால் தெரிந்திருப்பதும் பிணைப்பும் மனத்தில் வேறு வேறு அறைகளில் இருக்கின்றன போலும்.

நண்பர் இல்லாதவர்களுக்குத்தான் இப்படி ஆகும் என்பதும் பலர் நம்பும் ஒன்று. 1985-இல் ரூபினும் அவர் குழுவினரும் தொலைக்காட்சிச் செய்தி வாசிப்பாளரிடம் பார்வையாளருக்கு ஏற்படும் பிணைப்பை ஆராய்ந்தபோது, அதற்கும் தனிமைக்கும் குறிப்பிடத்தக்க தொடர்பு காணவில்லை. எங்கள் விடுதியிலும், மாடிப்படியில் நின்றால் பத்துப் பேர் சூழ்ந்துகொள்ளும் கலகலப்பான பெண்தான் ஒரு நடிகருக்குத் திருமணம் என்ற செய்தி வந்த அன்று இரவுச் சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனாள். அவளைப் பார்த்துச் சிரித்தவர்களில் ஒரு மாணவன், தனக்குப் பிடித்த காற்பந்துக் குழு தோற்றதற்காக இரண்டு நாள் யாரிடமும் பேசாதிருந்தவன்!

எல்லாமே நலம் என்று நான் சொல்லவில்லை. 1987 டிசம்பரில் எம்.ஜி.ஆர். மறைந்தபோது உயிரை மாய்த்துக்கொண்ட இரசிகர்கள் இருந்தார்கள். அதை இரசிகப் பற்று என்று மெச்சிப் பேசுவதை என்னால் ஏற்க முடியாது. அழுகை எவ்வளவு என்பதை வைத்து எல்லையைக் கணக்கிடவும் முடியாது. பார்க்க வேண்டியது, அவருக்கு நம்மைத் தெரியாது என்ற தெளிவு இருக்கிறதா என்பதை. பிரெஞ்சு மருத்துவர் கிளெராம்போ 1921-இல் விவரித்த ஒரு நோயில், எட்டாத உயரத்தில் உள்ள ஒருவர் தன்னைக் காதலிப்பதாகவே நோயாளி நம்புவார். நேர்காணலில் அந்த நடிகர் சட்டைக் கையை மடித்தது எனக்குக் காட்டிய சைகை என்று ஒருத்தி சொன்னால் அங்கே கேலிக்கு இடமில்லை. அவள் வீட்டாருக்குச் சொல்ல வேண்டும், மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். உறக்கத்தையும் பாடங்களையும் அது விழுங்கத் தொடங்கினாலும் அப்படியே. நக்கண்ணையாரிடம் அந்த மயக்கம் இல்லை. அவனைத் தழுவ ஆசை, ஆனால் தாய்க்கு அஞ்சுகிறேன், அவையோர் முன் நாணுகிறேன் என்று தெளிவாகவே சொல்கிறார். தான் பனைமரத்தடியில் நிற்பது அவருக்குத் தெரியும்.

சாப்பிடாமல் எழுந்துபோன அந்தத் தோழியிடம் மறுநாள், "அவரிடம் உனக்கு என்னதான் பிடித்தது?" என்று கேட்டேன். அழகு என்பாள் என்று எதிர்பார்த்தேன். "ஒரு படத்தில், அந்தப் பெண் பேசி முடிக்கும் வரை குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டிருப்பார்" என்றாள். அவள் வீட்டில் நான்கு அண்ணன்மார். அடுத்த விடுமுறையில் அவளுக்கு மாப்பிள்ளை பார்க்க வருகிறார்கள் என்றும், வருபவர் அப்படிக் கேட்பாரா என்று தான் முதலில் பார்க்கப்போவதாகவும் சொன்னாள்.