நேர்கோட்டுக்கு 'ஷாக்' கொடுக்கும் சினிமா டாக்டர்கள்!

கதாநாயகன் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்கிறான். பக்கத்துப் பெட்டியில் பச்சைக்கோடு ஏறி இறங்கி ஓடுகிறது. திடீரென்று "பீ..." என்று ஒரே சத்தம். கோடு நேராகிவிடுகிறது! டாக்டர் இஸ்திரிப்பெட்டி மாதிரி இரண்டு தகடுகளை எடுத்துத் தேய்த்து நெஞ்சில் வைக்கிறார். உடம்பு ஒரு முழம் துள்ளுகிறது. மூன்றாவது தடவை கோடு மறுபடி எழும்புகிறது. கதாநாயகன் கண் திறந்து "அம்மா!" என்கிறான். தியேட்டரில் விசில் பறக்கிறது.

மருத்துவக் கல்லூரி மாணவர்கள் படம் பார்த்தால் அந்த இடத்தில் சிரிப்பார்கள். நேர்கோட்டுக்கு ஷாக் கொடுப்பதே இல்லை!

கூச்சலும் மவுனமும்

இதயம் நின்றுவிட்டது என்பதில் இரண்டு விதம் உண்டு. ஒன்று, இதயத்தின் தசைநார்கள் ஆளாளுக்குத் தனித்தனியாகத் துடிப்பது. சந்தைக்கடையில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்துகிற மாதிரி. ரத்தம் வெளியே போகாது. பெட்டியில் குழந்தை கிறுக்கியதுபோல் கோணல்மாணலாகக் கோடு ஓடும். இதற்குத்தான் ஷாக். அது கூச்சல் முழுவதையும் ஒரு நொடி அடக்குகிறது. அந்த அமைதியில் இதயம் தன் பழைய தாளத்தைப் பிடித்துக்கொண்டால் ஆள் பிழைப்பான்.

நேர்கோடு என்பது இரண்டாவது விதம். அங்கே கூச்சலே கிடையாது. அடக்குவதற்கு என்ன இருக்கிறது? டாக்டர்கள் முதலில் ஒயர் கழன்றிருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஒயர் கழன்றாலும் கோடு நேராகத்தான் வரும்! ஒயர் சரியாக இருந்தால் நெஞ்சை அமுக்குவார்கள். 'அட்ரினலின்' மருந்து 1 மில்லிகிராம் ஊசி போட்டு, 3 முதல் 5 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பப் போடுவார்கள். ரத்தம் நிறையப் போய்விட்டதா, மூச்சு அடைத்ததா என்று காரணத்தைத் தேடுவார்கள்.

டைரக்டர்கள் பாடு புரியாமல் இல்லை. நேர்கோடு என்றால் சாவு என்று கடைசி பெஞ்சு ரசிகனுக்கும் தெரியும். கிறுக்கல் கோட்டைக் காட்டினால் யாருக்கு விளங்கும்?

செல்லமாகத் தட்டுவது ஏன்?

நெஞ்சை அமுக்கும் காட்சி இதைவிட மோசம். முழங்கை மடங்கியிருக்கும். தலையணைக்குப் பஞ்சு அடைப்பதுபோல் நாலு தட்டு தட்டுவார்கள். நிஜத்தில் கையை நேராக நீட்டி, நடுநெஞ்சில் குறைந்தது 2 அங்குலம் இறங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அமுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் நெஞ்சு மேலே வர விட வேண்டும். விலா எலும்பு முறிவதும் உண்டு. இரண்டே நிமிடத்தில் அமுக்குகிறவர் களைத்துப்போவார்; அடுத்தவர் கை மாற்றுவார். உயிரோடு இருக்கும் நடிகரின் நெஞ்சில் இப்படி அமுக்க முடியாது என்பது நியாயம்தான். பொம்மையை வைத்து எடுக்கலாமே!

1996-ல் அமெரிக்காவில் 'இ.ஆர்.' உள்பட 3 டெலிவிஷன் தொடர்களைப் பார்த்துக் கணக்கெடுத்தார்கள். நெஞ்சு அமுக்கப்பட்டவர்களில் மூன்றில் இரண்டு பங்குப் பேர் பிழைத்து வீடு போனதாகக் கதை. நிஜத்தில், வசதியுள்ள மேல்நாட்டு ஆஸ்பத்திரிக்குள்ளேயே இதயம் நின்றாலும் நாலைந்து பேரில் ஒருவர்தான் வீடு திரும்புகிறார். இதயம் ஓடத் தொடங்கினாலும் பலர் நினைவில்லாமல், மூச்சுக் கருவியோடுதான் கிடப்பார்கள். உடனே "அம்மா" என்று எழுந்து பேசுவதெல்லாம் அபூர்வம்.

"மெஷினு இருக்குல்ல, ஷாக் குடுங்க டாக்டர்! ஏன் சும்மா அமுக்கிக்கிட்டே இருக்கீங்க?" என்று சொந்தக்காரர்கள் சண்டைக்கு வருவது இந்தப் படங்களைப் பார்த்துத்தான். பஸ் நிலையத்தில் ஒருவர் சுருண்டு விழுந்தால் கூட்டம் கூடும், விசிறுவார்கள், சோடா தெளிப்பார்கள். தட்டிக் கூப்பிட்டும் அசைவில்லை, மூச்சு சரியாக இல்லை என்றால் 108-ஐ அழைத்துவிட்டு அங்கேயே அமுக்கத் தொடங்க வேண்டும். இடையிடையே "ஹக்" என்று இழுப்பது மூச்சு அல்ல. யாரும் அமுக்காமல் போகும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் பிழைக்கும் வாய்ப்பு நூற்றுக்குப் பத்து அளவில் குறைகிறது. மெஷின் வரட்டும் என்று காத்திருந்தால் ஆள் போய்விடுவார்!

மாணவர்கள் பார்க்க

அவசரப் பிரிவு எப்படி இருக்கும் என்று பார்க்க விரும்பும் மாணவர்களுக்கு 2025-ல் வந்த 'தி பிட்' என்ற அமெரிக்கத் தொடர் உண்டு. ஒரே 'ஷிப்ட்'டில் நடப்பதை மணிக்கு ஒரு பாகமாக 15 பாகம் காட்டினார்கள்.

அதைவிட உபயோகமானது 2005-ல் வந்த ருமேனியப் படம், 'மிஸ்டர் லாசரெஸ்குவின் மரணம்'. இதில் ஷாக்கும் இல்லை, துள்ளலும் இல்லை. தலைவலி, வாந்தி என்று ஒரு கிழவர் ஆம்புலன்சைக் கூப்பிடுகிறார். அவர் வாயில் சாராய நெடி. "குடிச்சிட்டு வந்திருக்கீரா?" என்று டாக்டர்கள் திட்டுகிறார்கள். அன்றைக்குப் பெரிய பஸ் விபத்து வேறு; எங்கும் கூட்டம். ஆம்புலன்சில் வந்த அம்மாள் ஒருத்தி மட்டும் அவரை விடாமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக இரவு முழுக்க அழைத்துப் போகிறாள். மண்டைக்குள் ரத்தம் கட்டியிருப்பது தெரிந்த பிறகும் ஆபரேஷன் தள்ளிப்போகிறது. கிழவருக்குப் பேச்சு குழறுகிறது, நினைவு மங்குகிறது. நாலாவது ஆஸ்பத்திரியில் தலையை மழித்து ஆபரேஷனுக்குப் படுக்க வைக்கிறார்கள். படம் அங்கேயே முடிந்துவிடுகிறது.