மலை உச்சியில் நாலு கோடு

சென்ற வாரம் என் பேத்தி ஒரு சிறுகதையை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "தாத்தா, உங்க டிபார்ட்மென்ட் கதை, படிச்சுட்டுச் சொல்லுங்க" என்றாள். தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருடம் குப்பை கொட்டியவன் என்பதால் எனக்கு வந்த மரியாதை அது.

கதை இதுதான். ஊரடங்குக் காலம். கல்வராயன் மலைப் பக்கம் ஒரு சிற்றூர். கல்லூரியில் படிக்கும் பெண், ஆன்லைன் தேர்வு எழுத வேண்டும். ஊரில் சிக்னல் கிடையாது. விடியற்காலை நாலரைக்கு டார்ச் லைட்டோடு மலை ஏறுகிறாள். உச்சியை அடையும்போது சூரியன் எழுகிறது, போனில் நாலு கோடு எழுகிறது. தேர்வு எழுதுகிறாள், அனுப்புகிறாள், சிரிக்கிறாள். மன உறுதிக்கு முன்னால் மலையே தலைவணங்கியது என்று கதை முடிகிறது. படித்தவர்கள் கண் கலங்கியதாக அடியில் எழுதியிருந்தார்கள். எனக்குக் கண் கலங்கவில்லை, கோபம்தான் வந்தது.

முதலில் அந்த நாலு கோடு. அது என்ன சொல்கிறது? கோபுரம் பேசுவது போனுக்குக் காதில் விழுகிறது என்று மட்டும்தான் சொல்கிறது. போன் பேசுவது கோபுரத்துக்குக் கேட்கிறதா என்பதை அது சொல்லாது. கோபுரம் 20 வாட்டோ அதற்கு மேலோ போட்டுப் பேசும். கைபேசியோ அதிகபட்சம் 0.2 வாட். திருவிழாவில் கோயில் ஒலிபெருக்கி அடுத்த ஊருக்கும் கேட்கும்; அடுத்த ஊரிலிருந்து ஒரு பிள்ளை பதிலுக்குக் கத்தினால் கோயிலில் யாருக்குக் கேட்கும்? கோபுரத்தில் நல்ல காது வைத்து இந்தக் குறையை ஓரளவு சரிக்கட்டியிருக்கிறோம். ஆனால் தொலைவு கூடக் கூட முதலில் தோற்பது போனின் குரல்தான். மலை உச்சியில் மறைப்பு இல்லாததால் பல மைல் தாண்டிய கோபுரமும் தெரியும். வினாத்தாள் சட்டென்று இறங்கிவிடும். விடைத்தாள்தான் மேலே போகாது.

இரண்டாவது, அந்த விடியல். 1980களில் கடலோர ஊர்களில் உயரமாக ஆன்டெனா கட்டி இலங்கை ரூபவாகினி பார்த்தவர்களுக்கு இது புரியும். ஒரு நாள் பளிச்சென்று தெரியும், மறுநாள் வெறும் புள்ளிகள். காற்றின் சூடும் ஈரமும் அடுக்கடுக்காக மாறும்போது அலைகள் வளைந்து தொலைதூரம் போய்விடும். அடுக்கு கலைந்தால் படமும் போய்விடும். மலைப் பக்கத்திலும் விடியற்காலையில் கீழே குளிர்ந்த காற்றும் மேலே வெதுவெதுப்பான காற்றுமாக இப்படி அமைவதுண்டு. அதோடு அந்த நேரத்தில் ஊரே தூங்குவதால் கோபுரத்தில் கூட்டமும் இருக்காது. ஆறு மணிக்குக் கிடைக்கும் சிக்னலை நம்பி உட்கார்ந்தால், பத்து மணித் தேர்வில் வெயில் ஏறி, அடுக்கு கலைந்து, எல்லோரும் போனை எடுத்த பிறகு வேறு கதை நடக்கும். கதாசிரியர் அதை எழுதவில்லை. அவருக்குச் சூரியோதயம் போதும்.

அந்த வேறு கதையை நான் பார்த்திருக்கிறேன். என்னிடம் லைன்மேனாக இருந்த நண்பர் ஒருவர் ஓய்வுக்குப் பின் மலையடிவாரத்தில் இருக்கிறார். 2021இல் அவர் பேரன் இன்ஜினியரிங் மாணவன். வினாத்தாள் இணையத்தில் வரும். ஏ4 தாளில் கையால் எழுதி, போனில் படம் எடுத்து, ஒரே பி.டி.எஃப். கோப்பாக்கி, தேர்வு முடிந்த ஒரு மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். தாள்களைத் தபாலிலும் அனுப்ப வேண்டும். பையன் குன்றின் மேல் பாறையில் உட்கார்ந்து எழுதிவிட்டான். ஆனால் ஏற்றும்போது பாதியில் நின்றது, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தது, மறுபடி நின்றது. ஒரு மணி நேரம் முடிந்தது. அன்றைக்கே தாள்களைத் தபாலில் சேர்த்தான். முடிவு வந்தபோது "ஆப்சென்ட்" என்று இருந்தது.

நண்பர் போன் செய்து, "சார், நாலு கோடு இருந்துச்சு சார், பையன் பொய் சொல்ல மாட்டான்" என்றார். குரல் உடைந்திருந்தது. "அவன் பொய் சொல்லலைப்பா, அந்தக் கோடுதான் பொய் சொல்லுச்சு" என்றேன்.

கணக்குப் போட்டுப் பார்த்தோம். 24 பக்கம், ஒவ்வொரு படமும் 2 எம்.பி., ஆக 48 எம்.பி. அந்தப் பாறையிலிருந்து மேலே போன வேகம் வினாடிக்கு 100 கிலோபிட் அளவுதான். ஒரு முறைகூட அறுபடாமல் போனாலே 64 நிமிடம் ஆகும். கொடுத்த நேரம் 60 நிமிடம். மலை ஏறும்போதே அவன் தோற்றுவிட்டான். அது அவனுக்குத் தெரியாது, அவ்வளவுதான்.

அதே தாள்களைக் கறுப்பு வெள்ளையில், பக்கத்துக்கு 100 கே.பி. என்று எடுத்திருந்தால் மொத்தம் 2.4 எம்.பி. மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் போதும். எழுத்தும் தெளிவாகவே தெரியும். ஒரே மூட்டையாகக் கட்டாமல் பக்கம் பக்கமாக அனுப்ப விட்டிருந்தால், நடுவில் அறுந்தாலும் போன பக்கம் போனதுதான். அறிவிப்பில் இந்த இரண்டு வரி சேர்க்க ஒரு பைசா செலவில்லை. நகரத்தில் ஃபைபர் இணைப்போடு உட்கார்ந்து விதி எழுதியவருக்கு அது தோன்றவில்லை.

"நேரம் தளர்த்தினால் காப்பி அடிப்பார்களே" என்பார்கள். நியாயமான பயம்தான். ஆனால் அன்று மாலைத் தபால் முத்திரையோடு அவன் தாள்கள் அவர்கள் மேசைக்கே போய்ச் சேர்ந்தன. சந்தேகம் இருந்தால் கூப்பிட்டு வாய்மொழியாக நாலு கேள்வி கேட்டிருக்கலாம். கையில் தாளை வைத்துக்கொண்டு "வரவில்லை" என்று எழுதியதற்கும் காப்பிக்கும் என்ன சம்பந்தம்?

இதனால்தான் அந்தக் கதை எனக்குப் பிடிக்கவில்லை. அந்தப் பெண் வென்றாள் என்று எழுதியதும், தோற்றவனுக்கு உறுதி போதவில்லை என்று தானாகவே அர்த்தமாகிவிடுகிறது. நண்பரின் பேரனும் அதே இருட்டில்தான் எழுந்தான், அதே மாதிரி மலையில்தான் ஏறினான். அவனிடம் உறுதிக்குக் குறைவில்லை. குறை 0.2 வாட்டிலும் 48 எம்.பி.யிலும் இருந்தது. மலையைத் தலைவணங்க வைத்துவிட்டால், தலைகுனிய வேண்டியவர்கள் தப்பித்துக்கொள்கிறார்கள்.

அடுத்த பருவத்தில் அந்தப் பாடத்தை மறுபடி எழுதிப் பையன் தேறிவிட்டான், அறையில் உட்கார்ந்து, பேனாவும் காகிதமுமாக. தேர்வுக் கட்டணத்தை இரண்டாம் முறையும் தாத்தாவின் பென்ஷனிலிருந்துதான் கட்டினார்கள்.

பேத்தி, "கதை எப்படி தாத்தா?" என்று கேட்டாள். "சூரியோதயம் நன்றாக இருக்கிறது. ஆனால் அந்தப் பெண்ணின் விடைத்தாள் போய்ச் சேர்ந்ததா என்று எழுதியவரிடம் ஒரு தடவை கேட்டுச் சொல்" என்றேன்.