திங்கட்கிழமை விமானத்துக்கு ஞாயிற்றுக்கிழமையே புறப்படுங்கள்!

விருத்தாசலம் பக்கத்துக் கிராமங்களில் இருந்து வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் பலர். கம்மாபுரத்திலும் அப்படிப்பட்ட குடும்பங்கள் உண்டு. வளைகுடா நாடுகளுக்குப் போகும் விமானங்களில் பல நள்ளிரவுக்குப் பிறகு, விடியுமுன் புறப்படுகின்றன. அந்த நேரத்தில் மின்சார ரெயில் இல்லை. மெட்ரோ ரெயில் இல்லை. ஆகவே, பயணத்தை முன்கூட்டியே கணக்குப் போட வேண்டும்.

முதலில் தேதியைப் பாருங்கள்.

டிக்கெட்டில் "14 திங்கள், 02.40" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பலர் இதைத் திங்கட்கிழமை இரவு என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. இரவு 12 மணி அடித்ததும் தேதி மாறிவிடும். 02.40 என்றால் ஞாயிறு இரவு படுத்து, திங்கள் பொழுது விடிவதற்கு முன்னால் வரும் 2 மணி 40 நிமிடம். திங்கள் மாலை பெட்டி கட்டினால், விமானம் அதிகாலையிலேயே போயிருக்கும். டிக்கெட் பணமும் போகும். சில சமயம் வேலையும் போகும்.

இனி, பின்னால் இருந்து கணக்குப் போடுவோம்.

வெளிநாட்டு விமானத்துக்குப் பெட்டி கொடுக்கும் இடத்தைப் பெரும்பாலும் 3 மணி நேரம் முன்பு திறப்பார்கள். 1 மணி நேரம் முன்பு மூடிவிடுவார்கள். மூடிய பிறகு கெஞ்சினாலும் பயன் இல்லை. ஆகவே ஞாயிறு இரவு 11.40க்கு மீனம்பாக்கம் விமான நிலைய வாசலில் நிற்க வேண்டும்.

கம்மாபுரத்தில் இருந்து அங்கே 200 கிலோ மீட்டருக்கு மேல். விருத்தாசலம், உளுந்தூர்பேட்டை, விழுப்புரம், செங்கல்பட்டு வழியாகக் காரில் போக 5 மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். டயர் பஞ்சரானால் மாற்ற 1 மணி நேரம். விடுமுறை முடிந்து சென்னை திரும்புகிற கூட்டத்தால், ஞாயிறு இரவில் செங்கல்பட்டைத் தாண்டியதும் சாலை அடைத்துக்கொள்ளும். அதற்கு இன்னொரு மணி நேரம். ஆக மொத்தம் 7 மணி நேரம். மாலை 4.30க்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும்.

பஸ்ஸில் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பெல்லாம் சென்னை பஸ்கள் விமான நிலையத்தைத் தாண்டித்தான் போகும். வாசலிலேயே இறங்கிவிடலாம். 2023 டிசம்பர் முடிவில் கிளாம்பாக்கம் பஸ் நிலையம் திறக்கப்பட்டது. இப்போது தென் மாவட்ட பஸ்கள் அங்கேயே நின்றுவிடுகின்றன. அது வண்டலூருக்கு அருகே, தாம்பரத்துக்கும் தெற்கே இருக்கிறது. நள்ளிரவில் அங்கே இறங்கினால், வாடகை வண்டிக்காரர் கேட்பதுதான் கட்டணம். பெரியவர்கள் பழைய நினைப்பில் பிள்ளைக்கு வழி சொல்ல வேண்டாம்.

செலவு குறைந்த வழி ரெயில்தான். ஆனால் இரவு ரெயில் உதவாது. விருத்தாசலத்தில் நள்ளிரவில் ஏறினால், தாம்பரம் போய்ச் சேருமுன் விமானம் பறந்துவிடும். பகல் ரெயிலில் போங்கள். தாம்பரத்தில் இறங்கி, மின்சார ரெயில் ஏறினால் நான்காவது நிலையம் திரிசூலம். எதிரே விமான நிலையம். இரவு 9 மணிக்குள் அங்கே போய்விடுங்கள். உள்ளே விடும் நேரம் வரை வெளியே காத்திருக்க வேண்டி வரலாம். கையில் சோற்றுப் பொட்டலமும் தண்ணீரும் இருக்கட்டும். சில மணி நேரம் உட்கார்ந்திருப்பது கஷ்டம்தான். விமானத்தை விடுவது அதைவிடப் பெரிய கஷ்டம்.

வேன் பிடித்து வழியனுப்பப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை.

போகும்போது எல்லோரும் விழித்திருப்பார்கள். பேச்சும் சிரிப்புமாக இருக்கும். ஆபத்து திரும்பும்போதுதான். பிள்ளையை உள்ளே அனுப்பிவிட்டு, அழுது களைத்து, வேனில் எல்லோரும் தூங்கிவிடுவார்கள். டிரைவர் ஒருவர் மட்டும் விழித்திருக்க வேண்டும். இரவு 2 மணி முதல் விடியும் வரை எந்த மனிதனுக்கும் தூக்கம் கண்ணைக் கட்டும். டீ குடித்தால் கொஞ்ச நேரம் தாங்கும், அவ்வளவுதான். டிரைவர் அடிக்கடி கொட்டாவி விட்டாலும், வண்டி கோட்டை விட்டு விலகினாலும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். விடியும் வரை வண்டியை ஓரிடத்தில் நிறுத்தி, அவரைத் தூங்கவிட்டுப் புறப்படுவதே நல்லது. இதை வாடகை பேசும்போதே பேசி முடியுங்கள். புறப்படும் நாள் பகலில் அவர் தூங்கினாரா என்றும் கேளுங்கள்.

டிக்கெட் விற்கும் ஏஜெண்டுகளுக்கும் ஒரு வேண்டுகோள். டிக்கெட்டோடு ஒரு துண்டுச் சீட்டு கொடுங்கள். அதில், "13ந் தேதி ஞாயிறு மாலை 4.30க்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள்" என்று தமிழில் எழுதுங்கள். அந்த ஒரு வரி ஒரு குடும்பத்தின் கடன் பணத்தைக் காப்பாற்றும்.