தெளிவாக்கினால் முகம் வருமா?

எங்கட போர்டிங்கில சைக்கிள் களவு போனது. பக்கத்துக் கடைக் கமராவில ஒருத்தன் அதைத் தள்ளிக்கொண்டு போகிறான். "சூம் பண்ணி முகத்தைத் தெளிவாக்குங்கோ" என்று குரூப்பில ஒரே சத்தம்.

படமே 352க்கு 288 புள்ளி. அதில அவன்ர முகம் 12 புள்ளி அகலம். ஒரு கண்ணுக்கு இரண்டு புள்ளிதான். கோப்பைச் சுருக்கும்போது அதுவும் கட்டம் கட்டமாக மழுங்கிவிட்டது. பதியாத கண்ணை எந்த மென்பொருளும் மீட்காது, ஊகித்து வரையும். அந்த ஊகத்துக்கு ஊரில நூறு பெடியள் பொருந்துவாங்கள். அடி வாங்கப்போறது யார்?

கேட்கவேண்டியது வேறு. எத்தனை மணி? எந்தப் பக்கம் போனான்? கதவு நிலையோடு ஒப்பிட்டால் என்ன உயரம்? அடுத்தடுத்து வரும் பத்துப் படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி எடுத்தால், புள்ளிக் குழப்பம் குறைந்து சேர்ட்டில உள்ள பெரிய எழுத்து தெரியலாம். அதுக்கு, திரும்பவும் சுருக்கப்பட்ட வாட்ஸ்அப் துண்டு உதவாது. ரெக்கோடரில இருக்கிற மூலக் கோப்பு வேணும், அதுக்கு மேல புதுசு பதிய முதல்.